இடப்பக்கம் மட்டும் திரும்ப மறுத்த வண்டி: கோடு தொடரும் ரோபோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மண்டபத்தை ஒட்டி, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் கடற்கரைக் கிராமம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். ஒரு ஜூலை மாதத் தொடக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் மாணவன் ஒருவனும் கோடு தொடரும் ரோபோ செய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஆறு வாரம் கழித்து, பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் பள்ளி மாணவர்களுக்கான போட்டி இருந்தது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடு, அதில் 'கூர்மையான திருப்பங்கள்' இருக்கும் என்று மட்டும் விதிமுறை சொன்னது. எத்தனை பாகைத் திருப்பம் என்று சொல்லவில்லை. இந்த விவரத்தை நாங்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாணவனின் அப்பா விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். ஆகவே நட்டு, போல்ட், வாஷர் எதற்கும் பஞ்சமில்லை. மாணவி எதையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவள். இந்த ஆய்வில் வரும் எண்கள் எல்லாம் அவள் நோட்டிலிருந்து எடுத்தவை.

வண்டியின் அமைப்பு

இரண்டு மஞ்சள் நிறக் கியர் மோட்டார்கள், 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு ரப்பர்ச் சக்கரங்கள், முன்னால் ஓர் உருளைச் சக்கரம், ஆர்டுயினோ யூனோ பலகை, மோட்டார் டிரைவர், இரண்டு லித்தியம் செல்கள். வண்டியின் முன்முனையில் குறுக்குச் சட்டம் ஒன்று. அதில் ஐந்து டிசிஆர்டி 5000 சென்சார்கள், ஒன்றுக்கொன்று 15 மில்லிமீட்டர் இடைவெளியில். பின்சக்கரங்களின் அச்சுக்கும் இந்தச் சட்டத்துக்கும் 90 மில்லிமீட்டர் தூரம். இந்த 90 பின்னால் முக்கியமாகப் போகிறது.

சென்சார் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே வீசும் எல்இடி ஒன்றும், திரும்பி வரும் ஒளியை வாங்கும் ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றும் அருகருகே இருக்கின்றன. எங்களிடம் இருந்த வகையில் நிறைய ஒளி திரும்பினால் மின்னழுத்தம் இறங்கும், ஒளி திரும்பாவிட்டால் ஏறும். ஆர்டுயினோ அந்த மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக வாசிக்கும். ஆகவே வெள்ளைக்குச் சிறிய எண், கறுப்புக்குப் பெரிய எண். இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை வைத்து, அதற்கு மேலே போனால் கறுப்பு, கீழே இருந்தால் வெள்ளை என்று நிரல் முடிவு செய்கிறது. அந்த நடு எண்ணைத்தான் இங்கே எல்லை மதிப்பு என்கிறேன்.

பயிற்சித் தளத்துக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் வெள்ளை முதுகைப் பயன்படுத்தினோம். முதலில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தார்கள். சென்சாருக்கு அது தெரியவே இல்லை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சாய மைகள் பல அகச்சிவப்பு ஒளியை விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடும். எலெக்ட்ரீஷியன்கள் சுற்றும் 18 மில்லிமீட்டர் கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு மாறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

முதல் ஓட்டங்களில் கண்டது

நேர்கோட்டிலும் மெல்லிய வளைவிலும் வண்டி முதல் வாரத்திலேயே நன்றாகப் போனது. நடு சென்சாரிலிருந்து கோடு விலகினால் உள்பக்கச் சென்சார்கள் இரண்டும் அதைக் கண்டு சிறு திருத்தம் செய்தன. செங்கோணத் திருப்பத்துக்கு ஓரச் சென்சார்களை நம்பியிருந்தார்கள். ஓரச் சென்சார் கறுப்பைக் கண்டால் அந்தப் பக்கம் வண்டி நின்ற இடத்திலேயே சுழல வேண்டும் என்பது விதி. நிரலில் அது இப்படி இருந்தது:

```
if (s[0] > 500) turnLeft();
if (s[4] > 500) turnRight();
```

500 என்பது 1023-இல் பாதிக்குப் பக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

திருப்பத்தில் வண்டி சிலசமயம் ஒழுங்காகத் திரும்பியது. சிலசமயம் மூலையைத் தாண்டி நேரே போய்ப் பேனரை விட்டு இறங்கியது. பிள்ளைகள் 500-ஐ 550 ஆக்கினார்கள், 600 ஆக்கினார்கள், 450-க்கு இறக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு, "இப்போது பரவாயில்லை சார்" என்றோ "இன்னும் மோசமாகிவிட்டது சார்" என்றோ சொன்னார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. நானும் தடுக்கவில்லை. பத்தில் நாலு முறை நடக்கும் ஒன்றை மூன்று முறை பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது

மூன்றாவது வாரத்தின் முதல் நாள் எல்லை மதிப்பை மறுபடி 500-இல் வைத்து, எதையும் மாற்றாமல் இருபது முறை ஓட்டச் சொன்னேன். பத்து இடத் திருப்பம், பத்து வலத் திருப்பம். வலப்பக்கம் பத்தும் சரி. இடப்பக்கம் நான்குதான் சரி.

இந்தக் கணக்கு கைக்கு வந்ததும் எங்கள் கேள்வி மாறிவிட்டது. வண்டிக்குக் கூர்மையான திருப்பம் வரவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். உண்மையில் வண்டிக்கு இடப்பக்கம்தான் சரியாகத் தெரியவில்லை. அப்படியானால் இடது ஓரச் சென்சார் என்ன பார்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

அளவுகோலை வைத்து நகர்த்தியது

மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்கேலைத் தரையில் ஒட்டி, வண்டியைக் கையால் 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டராக டேப்பின் குறுக்கே நகர்த்தினார்கள். ஒவ்வொரு நிலையிலும் ஓரச் சென்சாரின் எண்ணை மாணவி எழுதிக்கொண்டாள். இரண்டு ஓரத்துக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.

வலது ஓரச் சென்சார் வெள்ளையில் 85, டேப்பின் நடுவில் 750 காட்டியது. இடது ஓரச் சென்சார் வெள்ளையில் 230, டேப்பின் நடுவில் 560. எண் சட்டென்று தாவவில்லை. டேப்பின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னரே ஏறத் தொடங்கி, நடுவில் உச்சிக்குப் போய், மறு விளிம்பில் சரிந்தது. தாளில் வரைந்தபோது இரண்டும் மணல்மேடு போல வந்தன. வலது மேடு உயரம், இடது மேடு தாழ்வு.

இப்போது 500 என்ற உயரத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். வலது மேட்டை அந்தக் கோடு அகலமான இடத்தில் வெட்டியது. அந்தச் சென்சாரின் கணக்கில் டேப்பின் அகலம் 16 மில்லிமீட்டர். இடது மேட்டை உச்சிக்குப் பக்கத்தில் வெட்டியது. அங்கே டேப்பின் அகலம் வெறும் 6 மில்லிமீட்டர். டேப் ஒன்றுதான், 18 மில்லிமீட்டர்தான். எல்லை மதிப்பு மேட்டை எங்கே வெட்டுகிறதோ அதைப் பொறுத்துக் கோடு தடித்தோ மெலிந்தோ சென்சாருக்குத் தெரிகிறது.

இந்த நிகழ்விலிருந்து ஒன்றை மட்டும் பிறர் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதையே சொல்வேன். கறுப்பா வெள்ளையா என்பதோடு, கோடு எவ்வளவு அகலம் என்பதையும் எல்லை மதிப்பே தீர்மானிக்கிறது. நேர்கோட்டில் இதனால் பெரிய கேடு இல்லை, ஏனென்றால் கோடு சென்சாருக்குக் கீழேயே நெடுநேரம் கிடக்கிறது. செங்கோணத் திருப்பத்திலோ கோட்டின் கிளை ஓரச் சென்சாருக்குக் குறுக்கே ஒரே ஒரு முறை கடந்துபோகிறது. அது தெரியும் அகலம்தான் வண்டிக்குக் கிடைக்கும் மொத்த நேரம்.

இடது மேடு தாழ்ந்திருந்ததற்குக் காரணம் சட்டத்தைத் திருகியிருந்த விதம். மாணவன் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் ஸ்பேசர் வேறு அளவு சார்" என்றான். வலது ஓரம் தரையிலிருந்து 6 மில்லிமீட்டர், இடது ஓரம் 10 மில்லிமீட்டர். டிசிஆர்டி 5000 மிக அருகில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட சென்சார். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தூரத்தில் அதன் உணர்திறன் உச்சம், அதற்குமேல் தூரம் கூடக் கூடத் திரும்பும் ஒளி குறையும். ஆகவே வெள்ளையின் எண் மேலே ஏறுகிறது. உயரம் கூடினால் பார்வை வட்டமும் விரிகிறது. டேப்புக்கு இருபுறமும் உள்ள வெள்ளை அதற்குள் நுழைவதால் கறுப்பின் எண் கீழே இறங்குகிறது. மேடு இரு முனையிலிருந்தும் அமுக்கப்படுகிறது.

அகலம் நேரமாக மாறும் கணக்கு

ஆறு மில்லிமீட்டர் அகலம் போதாதா என்று மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. இரண்டு மீட்டர் நேர்கோட்டை வண்டி நாலரை நொடியில் கடந்தது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 6 மில்லிமீட்டரைக் கடக்க 13 மில்லிநொடி ஆகும். ஐந்து சென்சார்களையும் ஆர்டுயினோ வாசிக்க அரை மில்லிநொடிக்குச் சற்று மேல் போதும். ஆகவே அந்த 13 மில்லிநொடிக்குள் பலமுறை பார்த்திருக்க வேண்டும். ஆனால் பார்க்கவில்லை.

நிரல் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றும், அதாவது லூப்பும், உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று `micros()` கொண்டு அளந்தோம். 31 மில்லிநொடி என்று வந்தது. காரணம், சென்சார் எண்களைக் கணினித் திரையில் பார்ப்பதற்காகப் போட்டிருந்த `Serial.print` வரிகள். `Serial.begin(9600)` என்று அமைத்திருந்தால் ஓர் எழுத்தை அனுப்ப ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஒவ்வொரு லூப்பிலும் முப்பது எழுத்துகள் போய்க்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் அனுப்பும் பெட்டி நிரம்பி, அது காலியாகும்வரை நிரல் காத்து நிற்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் இது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். யூனோவில் அப்படி நிற்காது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அது அனுப்பிக்கொண்டேதான் இருக்கும்.

31 மில்லிநொடியில் வண்டி 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதாவது ஒவ்வொரு 14 மில்லிமீட்டருக்கும் ஒருமுறைதான் கண் திறக்கிறது. வலது சென்சாருக்குக் கோடு 16 மில்லிமீட்டர் அகலம், ஆகவே எப்படியும் ஒருமுறையாவது கண்ணில் படும். இடது சென்சாருக்கு 6 மில்லிமீட்டர். பதினாலில் ஆறு பங்கு வாய்ப்பு. பத்துக்கு நான்கு என்று நாங்கள் எண்ணியது இந்தக் கணக்கோடு ஒத்துப்போனதும், காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்ற உறுதி வந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் வரிசையும்

மூன்று கோளாறுகள் கண்ணுக்குத் தெரிந்தன. சட்டம் சாய்ந்திருக்கிறது, எல்லா சென்சாருக்கும் ஒரே எல்லை மதிப்பு, லூப் மெதுவாக ஓடுகிறது. மூன்றையும் ஒரே மாலையில் சரிசெய்யப் பிள்ளைகள் துடித்தார்கள். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் பத்து இடத் திருப்பம் எண்ணுவோம் என்றேன். எது எவ்வளவு உதவியது என்று தெரியாவிட்டால், போட்டி நாளில் மறுபடி கெடும்போது எங்கே கை வைப்பது என்று தெரியாது.

முதலில் `Serial.print` வரிகளை நீக்கினோம். லூப் ஒரு மில்லிநொடிக்கு இறங்கியது. இடத் திருப்பம் பத்தில் ஒன்பது கண்ணில் பட்டது. இங்கேயே நிறுத்திவிடலாம் என்று மாணவன் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லை மதிப்பு 500, இடது மேட்டின் உச்சி 560. மேடு இன்னும் அறுபது எண் தாழ்ந்தால் அந்தப் பக்கக் கண் அடியோடு குருடாகிவிடும். அது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதை அடுத்த வாரமே கண்டோம்.

இரண்டாவதாக ஸ்பேசரை மாற்றி, வாஷர் கொடுத்துச் சட்டத்தை இரு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். இடது சென்சார் வெள்ளையில் 95, கறுப்பில் 720 என்று மாறியது. இன்னும் தாழ்த்தியிருக்கலாம். ஆனால் பேனர் மடிப்புகளில் சட்டம் தட்டியது.

மூன்றாவதாக ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எல்லை மதிப்பு. வண்டி கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சென்சாரும் பார்த்த மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பிடித்து, நடுவை எடுக்கும்:

```
thr[i] = mn[i] + (mx[i] - mn[i]) / 2;
```

நடு ஏன் என்பதற்கு அந்த மணல்மேட்டுப் படமே விடை. சென்சாரின் பார்வை வட்டம் டேப்பின் விளிம்பில் பாதி கறுப்பிலும் பாதி வெள்ளையிலும் விழும்போது எண் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஆகவே நடுவில் வெட்டினால் சென்சாருக்குத் தெரியும் அகலம் டேப்பின் உண்மையான அகலத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. உச்சி சற்றே இறங்கினாலும் அடி சற்றே ஏறினாலும் தாங்குவதற்கு இருபுறமும் இடம் இருக்கிறது. திருத்திய பிறகு டேப் எல்லா சென்சாருக்கும் 17 அல்லது 18 மில்லிமீட்டராகவே தெரிந்தது. ஒற்றைத் துகளைக் கோடு என்று நம்பிவிடாமலிருக்க, அடுத்தடுத்து இரண்டு லூப்பில் கறுப்பு வந்தால்தான் திரும்பு என்றும் சேர்த்தோம். அதற்குச் செலவு ஒரு மில்லிநொடிதான்.

இரு பக்கமும் பத்துக்குப் பத்து மூலை கண்ணில் பட்டது.

மூலையைக் கண்டும் வந்த வழியே போனது

கண்டுபிடிப்பது ஒன்று, திரும்புவது இன்னொன்று. சென்சார்கள் இப்போது மூலையைத் தவறாமல் கண்டன. வண்டியும் உடனே சுழன்றது. ஆனால் பத்தில் மூன்று முறை அது சுழன்றுகொண்டே போய், முழுதாக முகம் திருப்பி, வந்த கோட்டிலேயே திரும்பிப் போனது. வேகத்தைக் குறைத்தால் சரியாகும் என்று குறைத்துப் பார்த்தோம். மெதுவாகப் போனபோது இது அதிகமானது. செல்லின் மின்னூட்டம் இறங்கிய மாலை வேளைகளிலும் அப்படியே.

பிள்ளைகள் மறுபடி எல்லை மதிப்பை மாற்றத்தான் போனார்கள். தரையில் சாக்பீஸால் படம் போட்டுப் பார்ப்போம் என்று அவர்களை நிறுத்தினேன். வண்டி சுழலும்போது மையம் சக்கர அச்சில் இருக்கிறது. சென்சார் மூலையைக் கண்ட கணத்தில் அச்சு 90 மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறது. அங்கிருந்தே சுழன்றால் சென்சார் சட்டம் 90 மில்லிமீட்டர் ஆரமுள்ள வில்லில் போகும். அந்த வில் புதிய கோட்டை மூலையில் தொட்டுவிட்டுக் கீழே விலகிப் போகிறது, திரும்ப அதை வெட்டுவதே இல்லை. முழுச் செங்கோணம் திரும்பிய பிறகு வண்டி புதிய கோட்டுக்கு இணையாக, அதிலிருந்து 90 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நடு சென்சார் கோட்டைக் காணும்வரை சுழல் என்பது நிரலின் கட்டளை. அது அடுத்துக் காணும் கோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும் பழைய கோடுதான்.

வேகமாக வந்தபோது ஏன் சரியாக இருந்தது என்பதும் புரிந்தது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டி உந்தத்தால் சில சென்டிமீட்டர் முன்னே சறுக்கியது. அந்தச் சறுக்கல் அச்சை மூலைக்கு அருகில் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறது. மெதுவாகப் போனால் அந்த உதவி இல்லை.

ஆகவே மூலையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து 70 மில்லிமீட்டர் நேரே போய், பிறகு சுழலும்படி மாற்றினோம். முழுதாக 90 போகாததற்குக் காரணம் உண்டு. 70 போனால் நடு சென்சார் புதிய கோட்டை ஏறக்குறைய 77 பாகையில் சந்திக்கிறது. சுழற்சியின் உந்தம் மீதிப் பாகையை நிரப்பிவிடுகிறது. இன்னொரு காப்பும் சேர்த்தோம். 77 பாகை திரும்ப 350 மில்லிநொடி ஆனது. எனவே 450 மில்லிநொடிக்குள் கோடு கிடைக்காவிட்டால் சுழற்சியை நிறுத்தி நேரே போ என்று வைத்தோம். வந்த வழியே திரும்புவதைத் தடுக்க அது போதும் என்று எண்ணினோம்.

வெயிலும் கச்சான் காற்றும்

நான்காம் வாரம் வகுப்பறையில் இடமில்லாமல் பேனரை மேற்கு வராந்தாவுக்கு எடுத்துப் போனோம். மூன்று மணிவரை நன்றாக ஓடிய வண்டி நாலு மணிக்குக் கோட்டை விடத் தொடங்கியது. சாய்வெயில் சட்டத்தின் அடியில் நுழைந்திருந்தது. இந்தச் சென்சாரின் கறுப்புறை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கிறது. ஆனால் வெயிலில் அகச்சிவப்பும் ஏராளம், அதைத் தடுக்க அதற்கு வழியில்லை. காலையில் 720 காட்டிய கறுப்பு அப்போது 600 காட்டியது. பழைய சட்டமும் பழைய 500-ம் இருந்திருந்தால் இடது கண் அங்கே முழுக் குருடு.

கறுப்பு சார்ட் அட்டையை வெட்டி, சட்டத்தைச் சுற்றிப் பாவாடை போல ஒட்டினோம். தரைக்கும் அட்டைக்கும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. கறுப்பு 700-க்கு மேலே வந்தது. நேரடி வெயிலில் இதுவும் போதாது. ஒளி டிரான்சிஸ்டர் வெயிலாலேயே நிரம்பிவிட்டால் அதற்குமேல் எந்தக் கணக்கும் பலிக்காது.

இன்னொன்று மணல். ஜூலை, ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று நிற்காது. ஒருமணி நேரம் விரித்த பேனரில் நுண்மணல் படிந்திருக்கும். டேப்பின் மேல் ஒட்டிய மணல் அகச்சிவப்பைச் சிதறடித்து, கறுப்பின் எண்ணை 560 வரை இறக்கியது. எல்லை மதிப்பு நடுவில் இருந்ததால் சென்சார் தாங்கியது, சக்கரம்தான் தாங்கவில்லை. வழுக்கியதால் சுழல அதிக நேரம் எடுத்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஈரத்துணியால் சக்கரத்தையும் டேப்பையும் துடைப்பதை வழக்கமாக்கினார்கள்.

போட்டிக்கு முதல்நாள் நடந்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். எல்லை மதிப்பைக் கணக்கிடும் ஐந்து நொடியில் மாணவன் வண்டியைக் கையால் டேப்பின் குறுக்கே ஆட்டுவான். அன்று நேரம் முடிவதற்குள் வண்டியைத் தூக்கிவிட்டான். அந்தரத்தில் எந்த ஒளியும் திரும்பாது. சென்சார்கள் எல்லாம் ஆயிரத்துக்குப் பக்கத்தில் காட்டின. அதையே கறுப்பு என்று நிரல் எடுத்துக்கொண்டதால் நடு மதிப்பு 540-க்கு மேலே போய்விட்டது. மணல் படிந்த டேப்பில் கோடு மறுபடி நூலாக மெலிந்தது. அன்று மாலையே, வண்டி தரையில் இருந்தபடி தானே இடமும் வலமும் சுழன்று அளந்துகொள்ளும்படி மாற்றினார்கள். கை படாதவரை இந்தத் தவறு நேராது.

போட்டி நாள்

அரங்கத்தில் குழல்விளக்கு மட்டும். வெயில் இல்லை, மணல் இல்லை. மூன்று வாய்ப்பு, சிறந்த நேரம் கணக்கில். தளத்தில் ஆறு செங்கோணத் திருப்பங்கள். ஏழாவதாக, வந்த திசைக்கே ஏறக்குறைய மடங்கும் குறுங்கோணத் திருப்பம். கோட்டின் இரு கிளைகளுக்கும் நடுவே 45 பாகைதான்.

முதல் ஓட்டத்தில் ஆறு செங்கோணங்களையும் வண்டி பிசகாமல் கடந்தது. ஏழாவதில் மூலையைக் கண்டது, முன்னே போனது, சுழன்றது, பாதியில் நிறுத்தி நேரே போய்த் தளத்தை விட்டு இறங்கியது. சென்சார் தவறவில்லை. அப்படிப்பட்ட மூலையில் கோட்டைச் சந்திக்க வண்டி 110 பாகைக்கு மேல் சுழல வேண்டும், அதற்கு அரை நொடிக்கு மேல் தேவை. நாங்கள் வைத்த 450 மில்லிநொடிக் காப்பு அதற்கு முன்பே சுழற்சியை நிறுத்திவிட்டது.

மாணவி ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். 350 மில்லிநொடிக்கு 77 பாகை என்றால் 700 மில்லிநொடிக்கு 154. "முழுதாகத் திரும்புவதற்கு 180 வேண்டும் சார், 700 வைத்தாலும் பழைய கோட்டை எட்டாது" என்றாள். காப்பை 700 ஆக்கினார்கள். இரண்டாம் ஓட்டம் 38 நொடியில் முழுதாக முடிந்தது. மூன்றாவதில் வேகத்தைக் கூட்டினார்கள். 70 மில்லிமீட்டர் என்பது பழைய வேகத்துக்கு அளந்த நேரம். வேகம் கூடியதும் வண்டி கூடுதலாகச் சறுக்கி, நான்காவது மூலையில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் ஓட்டத்தின் நேரத்தால் நான்காம் இடம் கிடைத்தது.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாளே, மோட்டாரை இணைப்பதற்கு முன்பே, ஸ்கேலை வைத்து ஐந்து சென்சார்களுக்கும் அந்த மணல்மேட்டுப் படத்தை வரைவோம். சாய்ந்த சட்டம் அந்தப் படத்தில் முதல் மணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது.

முன்னே போகும் 70 மில்லிமீட்டரை நேரத்தால் அளக்க மாட்டோம். சக்கரத்தில் துளையிட்ட வட்டும் அதை எண்ணும் சென்சாரும் வைத்தால், வேகம் மாறினாலும் மின்னூட்டம் இறங்கினாலும் தூரம் மாறாது. சுழற்சிக் காப்பையும் அதே எண்ணிக்கையால் பாகையாக வைக்கலாம்.

வெயிலுக்கு அட்டைப் பாவாடையை மட்டும் நம்பாமல், சென்சாரின் எல்இடியை அணைத்து ஒருமுறையும் ஏற்றி ஒருமுறையும் வாசித்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எங்களிடம் இருந்த பலகைகளில் எல்இடி எப்போதும் எரியும்படி நேராக இணைக்கப்பட்டிருந்தது. தடத்தை வெட்டி டிரான்சிஸ்டர் வைக்க அப்போது நேரம் இல்லை. இப்போது மாணவன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். ஐந்தில் இரண்டு பலகைகள் முடிந்திருக்கின்றன.